மாலதி எழுந்த பிறகு கேமரா எங்கே: இருவர் பேசும் காட்சிக்கு ஒரு ஷாட்-ரிவர்ஸ் திட்டம்

காட்சி இரண்டு பக்கம். அண்ணன் கதிர், தங்கை மாலதி, இருவருக்கும் நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு வீட்டுப் பத்திரம். மொத்தம் 22 வசனம். பன்னிரண்டாவது வசனத்தில் மாலதி கேட்கிறாள்: "வித்துட்டியா அண்ணா?" பதின்மூன்றாவது கதிருடையது: "இல்ல. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி." அதோடு மாலதி எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறாள். மிச்ச ஒன்பது வசனமும் அவள் அங்கே நிற்க, கதிர் இங்கே உட்கார்ந்திருக்க நடக்கிறது.

இருவரும் கடைசிவரை மேசையிலேயே இருந்திருந்தால் இந்தக் காட்சிக்குத் தனித் திட்டமே தேவையில்லை. இருவரும் தெரியும் ஒரு மாஸ்டர், ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் இரண்டு சஜஷன், முகம் மட்டும் தெரியும் இரண்டு குளோஸ் எடுத்தால் வேலை முடிந்தது. மாலதி நடக்கும் அந்த நாலு எட்டுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. யாரும் தொடாத, அசையாத ஒரு ட்ரைபாட், அவள் நடந்து முடித்ததும் லைனுக்குத் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். லைன் என்பது இருவர் பார்வையையும் இணைக்கும் கற்பனைக் கோடு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் வெட்டும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாகத் தெரியும்.

அறையும் தரைப்படமும்

அறை 4.2 மீட்டர் அகலம், 3.8 மீட்டர் ஆழம். கிராஃப் தாளில் 1 செ.மீ.க்கு 25 செ.மீ. என்ற கணக்கில் வரைந்தால் ஒரு ஏ4 தாளில் அடங்கும். மேசை 120-க்கு 75 செ.மீ. அதன் நடுப்புள்ளியிலிருந்து ஜன்னல் சுவர் 2.2 மீட்டர், எதிரே கதவுச் சுவர் 1.6 மீட்டர். கதிர் மேசையின் ஒரு குறுகிய பக்கத்தில், மாலதி மறு குறுகிய பக்கத்தில்.

தரைப்படத்தில் பலரும் நாற்காலியைத்தான் வரைவார்கள். இங்கே நாற்காலி இல்லை, தலை இருக்கிறது. லைன் போவது ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு. நாற்காலி நகராமலே ஒருவர் மேசைமேல் சாய்ந்தால் தலை 30 செ.மீ. முன்னால் வந்துவிடும். அதனால் ஒத்திகையில் இருவரும் வசனம் பேசும்போது தலை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஒரு குண்டுநூலைத் தொங்கவிட்டு, தரையில் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. இந்தக் காட்சியில் இரண்டு தலைக்கும் இடைவெளி 130 செ.மீ. கண் உயரம் கதிருக்கு 118, மாலதிக்கு 112. மாலதி எழுந்து நின்றால் 152.

கேமரா நிற்கும் பக்கம் கதவுப் பக்கம். காரணம் எளிது: மாஸ்டருக்கு மூன்று மீட்டர் பின்னால் போக வேண்டும், அந்த ஆழம் கதவைத் திறந்து வெளியே போனால்தான் கிடைக்கும். கதவிலிருந்து பார்த்தால் கதிர் இடது, மாலதி வலது. ஆகவே காட்சி முழுக்கக் கதிருக்கு ரைட் லுக், மாலதிக்கு லெஃப்ட் லுக். லுக் என்பது பார்க்கும் திசை, ரைட் என்றால் கேமராவின் ரைட். நடிகரிடம் "ரைட்ல பாருங்க" என்று சொன்னால் அவர் தன் வலப்பக்கம் பார்ப்பார், லுக் தலைகீழாகிவிடும். அதனால் நடிகரிடம் திசையே சொல்வதில்லை, பார்க்க வேண்டிய ஆளையோ பொருளையோதான் காட்டுகிறோம். லெஃப்ட், ரைட் எல்லாம் குறிப்புத்தாளோடு நிற்கட்டும்.

உட்கார்ந்திருக்கும் பாதி

சென்சார் சூப்பர் 35, அகலம் சுமார் 25 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் கீழே வரும் ஒவ்வொரு லென்ஸையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வாசித்துக்கொள்ளலாம்.

மாஸ்டர், அதாவது செட்டப் 1: 35 மி.மீ., மேசையிலிருந்து 3 மீட்டர், லென்ஸ் உயரம் 118. மேசை இருக்கும் தூரத்தில் ஃபிரேம் 2.1 மீட்டர் அகலம் பிடிக்கும், இரண்டு பேரும் அடங்கிப் பக்கத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடமும் இருக்கும். மாலதி ஜன்னலுக்குப் போனபிறகு அவள் கேமராவிலிருந்து 4.8 மீட்டரில் இருப்பாள். அங்கே ஃபிரேமின் உயரம் 1.9 மீட்டர். கேமராவை டில்ட் செய்யாமலே தலை வெட்டுப்படாமல் நிற்பாள்.

மாலதியின் சஜஷன் ஷாட்தான் செட்டப் 2. அதற்கு லென்ஸ் எங்கே வர வேண்டும் என்பதைக் கண்ணால் தேடாமல் நூலால் பிடிக்கலாம். மாலதியின் தலைக்குறியில் நூலின் ஒரு முனையை ஒட்டி, கதிரின் தலைக்குறியைத் தாண்டி நேராக 2 மீட்டருக்கு இழுக்க வேண்டும். அந்த 2 மீட்டர் முனையிலிருந்து செங்குத்தாகக் கதவுப் பக்கம் 35 செ.மீ. அளந்தால், லென்ஸ் நிற்கும் இடம் அதுதான். 2 மீட்டருக்கு 35 செ.மீ. என்பது 10 டிகிரி. மாலதி கதிரைப் பார்க்கும்போது அவள் பார்வை லென்ஸை விட்டு 10 டிகிரி விலகியிருக்கும். இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரியும், ஆனால் நம்மைப் பார்ப்பதுபோல் இருக்காது.

லென்ஸ் 50 மி.மீ. மாலதி இருக்கும் தூரத்தில் ஃபிரேம் ஒரு மீட்டர் அகலம் பிடிக்கும். கதிரின் தலை கேமராவிலிருந்து 70 செ.மீ.தான், அங்கே ஃபிரேமின் அகலம் வெறும் 35 செ.மீ. மாலதியை நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் வைத்தால், கதிரின் தலையில் பாதி ஃபிரேமுக்குள் வந்து இடது ஓரத்தில் கால்பங்கை அடைத்துக்கொள்ளும். சஜஷனுக்கு அது சரியான அளவு. இங்கே கேமரா பக்கவாட்டில் 5 செ.மீ. நகர்ந்தால் அந்தத் தலை ஃபிரேம் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். கதிர் நாற்காலியில் லேசாக நெளிந்தாலும் அதே விளைவுதான். அதனால் சஜஷனில் முதுகு காட்டும் நடிகருக்கும் தரையில் நாற்காலிக்கால் குறி வேண்டும். முகம் தெரியாதவருக்குக் குறி எதற்கு என்று விட்டுவிட்டால், மூன்றாவது டேக்கில் மாலதியின் ஒரு கண் கதிரின் காதுக்குப் பின்னால் போயிருக்கும்.

கதிரின் சஜஷனான செட்டப் 3 இதன் கண்ணாடிப் பிம்பம். நூல் கதிரிலிருந்து மாலதியைத் தாண்டி 2 மீட்டர், அங்கிருந்து அதே கதவுப் பக்கம் 35 செ.மீ., அதே 50 மி.மீ. மாலதியின் தோள் வலது ஓரத்தில், கதிர் இடது பக்கத்தில், ரைட் லுக். தூரம், விலகல், லென்ஸ் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டு ஷாட்டும் வெட்டும்போது எடை சமமாக நிற்கும். லென்ஸ் உயரம் இரண்டுக்கும் 115, இருவர் கண் உயரத்துக்கும் நடுவில்.

குளோஸுக்குப் போகும்போது பலர் கேமராவை அப்படியே விட்டு லென்ஸை மட்டும் 75-க்கு மாற்றுவார்கள். அளவு சரியாக வரும். ஆனால் ஃபிரேம் ஓரத்தில் எதிராளியின் காது எட்டிப் பார்க்கும், தலையாட்டும்போதெல்லாம் ஒரு கறுப்பு நிழல்போல உள்ளே வந்து போகும். தவிர, குளோஸில் பார்வை லென்ஸுக்கு இன்னும் நெருங்கி வந்தால்தான் முகத்துக்குள் போன உணர்வு வரும். எனவே குளோஸ்களான 2ஏ, 3ஏ இரண்டுக்கும் கேமராவை லைனை நோக்கி 10 செ.மீ. தள்ளுகிறோம். எதிரே இருப்பவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து லென்ஸுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், அவர் கண்ணுக்கும் லென்ஸின் மையத்துக்கும் 24 செ.மீ. இருக்கும்படி. ஏறக்குறைய மேட் பாக்ஸின் விளிம்பு அவர் கன்னத்தைத் தொடும் நெருக்கம். பார்வை விலகல் 7 டிகிரிக்கு வந்துவிடும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதில்தான் அவசரத்தில் தவறு நடக்கும். கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்கையில், கதிரின் குளோஸுக்கு மாலதி லென்ஸின் வலப்பக்கம், மாலதியின் குளோஸுக்குக் கதிர் இடப்பக்கம். அங்கே லைட் ஸ்டாண்டு இருக்கிறது, ஃபோகஸ் புல்லர் நிற்கிறார் என்று சொல்லி ஆளை மறுபக்கம் உட்கார வைத்தால் கேமரா நகராமலே லைன் கிராஸ் ஆகிவிடும். நகர வேண்டியது ஸ்டாண்டுதான்.

உயரமும் அதே கறார்தான். லென்ஸுக்குப் பக்கத்தில் உட்காரும் கதிரின் கண் 118-லேயே இருக்க வேண்டும். வேறொரு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து 10 செ.மீ. ஏறிவிட்டால், 2 மீட்டரில் அது கிட்டத்தட்ட 3 டிகிரி. மாலதி அண்ணாந்து பேசுவதுபோல் தெரியும், மாஸ்டரோடு ஒட்டாது. கடைசியாக ஒன்று: மனிதர்கள் எதிராளியின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். கண்களுக்கு இடையே ஆறு செ.மீ. சொச்சம் இருப்பதால் குளோஸில் அது கருவிழி அங்குமிங்கும் துள்ளுவதாகத் தெரியும். "லென்ஸ் பக்கத்துக் கண்ணை மட்டும் பாருங்க" என்ற ஒரு சொல் போதும்.

நாலு எட்டு நடந்ததும்

மாலதி ஜன்னலருகே நிற்கும் குறி, மேசை நடுப்புள்ளியிலிருந்து ஜன்னல் பக்கம் 1.8 மீட்டர், தன் நாற்காலி இருக்கும் பக்கமாக 30 செ.மீ. கதிரிடமிருந்து சுமார் 2 மீட்டர். தரைப்படத்தில் கதிர் தலையிலிருந்து அந்தக் குறிக்குப் புதிதாக ஒரு கோடு போட வேண்டும். பழைய லைன் மேசையின் நீளவாக்கில் போனது. புதிய லைன் அதிலிருந்து 62 டிகிரி திரும்பியிருக்கிறது. அந்தக் கோட்டைக் கதிருக்குப் பின்னாலும் நீட்டிப் பார்த்தால்தான் சிக்கல் கண்ணில் படும். செட்டப் 2-இன் லென்ஸ் குறி அந்தக் கோட்டுக்கு மறுபக்கத்தில் கிடக்கிறது.

மாஸ்டர் நிற்கும் இடம் இன்னும் சரியான பக்கத்தில்தான். அங்கிருந்து கதிர் இடது, மாலதி வலது. ஆனால் கதிருக்குப் பின்னாலிருக்கும் செட்டப் 2-ஐ மட்டும் ஜன்னல் பக்கம் பேன் செய்து அவளைப் பிடித்தால், அவள் கதிரைப் பார்க்கும் பார்வை லென்ஸுக்கு வலப்பக்கம் விழும். ஏறக்குறைய பத்து டிகிரிதான். அந்தச் சின்ன அளவுதான் ஏமாற்றும். ஸ்பாட்டில் மானிட்டரில் பார்க்கும்போது அழகான சிங்கிளாகத் தெரியும், கதிர் பக்கத்திலேயே இருப்பதால் அவள் அவனைப் பார்க்கிறாள் என்று நமக்குத் தெரியும், சந்தேகமே வராது. எடிட்டில் அதற்குமுன் கதிரின் ரைட் லுக்கை வைத்தால், இரண்டு பேரும் வலப்பக்கம் பார்க்கிறார்கள். அறையில் மூன்றாவதாக ஒருவர் நிற்பதுபோலவும், இருவரும் அவரிடம் பேசுவதுபோலவும் இருக்கும்.

செட்டப் 3-க்கு வேறு நோய். அது லைனின் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கதிர் இப்போது ஜன்னலைப் பார்ப்பதால் பார்வை லென்ஸிலிருந்து 70 டிகிரிக்கு மேல் விலகிவிடுகிறது. ஒரு கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் புரஃபைல். திசை தவறில்லை, உணர்ச்சிதான் வெளியே நின்றுவிடும்.

ஆக இரண்டு புது செட்டப். செட்டப் 4 மாலதிக்கு: நூல் அவளது ஜன்னல் குறியிலிருந்து கதிரின் தலையைத் தாண்டி 2.7 மீட்டர், அங்கிருந்து செங்குத்தாக மேசைப் பக்கம் 48 செ.மீ. மறுபடியும் அதே 10 டிகிரி. தரையில் பார்த்தால் இந்த இடம் செட்டப் 2-இலிருந்து 90 செ.மீ. சொச்சம்தான் தள்ளியிருக்கிறது. லென்ஸ் 75, உயரம் 118. கதிரின் வலப்பக்கத் தோளுக்கு வெளியே நின்று மேசை மூலைக்கு மேலாகப் பார்க்கும் கோணம். மாலதிக்குப் பழையபடி லெஃப்ட் லுக்.

செட்டப் 5 கதிருக்கு. இதில் அறை இடம் கொடுக்கவில்லை. அளவு ஒத்துப்போக மாலதிக்குப் பின்னால் 70 செ.மீ. போக வேண்டும், ஆனால் அவளுக்குப் பின்னால் சுவருக்கு 40 செ.மீ.தான். எனவே கேமரா அவளுக்கு முன்னாலேயே நிற்கிறது: கதிரிலிருந்து நூலில் 1.8 மீட்டர், செங்குத்தாக 32 செ.மீ., அதாவது மாலதியின் காலி நாற்காலி இருக்கும் பக்கம். 2.7 மீட்டரில் 75-உம் 1.8 மீட்டரில் 50-உம் ஒரே அளவு முகத்தைத் தரும். பின்னணி மட்டும் ஒன்றாக இருக்காது, 75-இல் ஜன்னல் இன்னும் கரைந்து நெருங்கி வந்து நிற்கும். அதை ஏற்றுக்கொண்டோம். இரண்டுமே யார் தோளும் இல்லாத தனிக் குளோஸ்கள். முதல் பாதியில் ஒருவர் ஃபிரேமில் மற்றவர் தோள் இருந்தது, இரண்டாம் பாதியில் இல்லை. இடம் போதாமல் வந்த முடிவுதான், ஆனால் கதைக்கும் பொருந்துகிறது.

செட்டப் 5-இன் நல்ல விஷயம், மாலதி தன் உண்மையான குறியிலேயே நின்றுகொள்ளலாம். அது லென்ஸுக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால் தானாக அமைகிறது. அவள் கண் 152, கதிரின் கண் 118, வித்தியாசம் 34 செ.மீ. கதிர் ஒன்பதரை டிகிரி மேலே பார்க்க வேண்டும். லென்ஸ் உயரம் 130. இன்னும் ஏற்றி 148-க்குக் கொண்டுபோனால் லென்ஸ் அந்தப் பார்வைக் கோட்டிலேயே வந்துவிடும், அண்ணாந்து பார்க்கும் உணர்வே போய்விடும். அவளை உட்காரவைத்து வசனம் கொடுக்கச் சொல்வது இந்த ஷாட்டில் கூடாது. களைப்பாக இருந்தாலும் நிற்க வேண்டும்.

நடையை யார் காட்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். செட்டப் 2-இல் அவள் எழுந்து ஃபிரேமின் இடது ஓரமாக வெளியேறுவாள், ஏனெனில் அந்தக் கேமராவுக்கு ஜன்னல் இடப்பக்கம். 3ஏ-இல் கதிரின் பார்வை வலப்பக்கம் லென்ஸுக்கு அருகிலிருந்து கிளம்பி, அவளைத் தொடர்ந்து மேலும் வலப்பக்கமாகப் போய்ப் புரஃபைலில் நிற்கும். எந்த இடத்திலும் லென்ஸைத் தாண்டாது. இந்த இரண்டாம் ஷாட்தான் காட்சியின் கீல். கதிரின் தலை திரும்புவதைப் பார்த்தவுடன் பார்ப்பவர் மனதில் புதிய லைன் விழுந்துவிடுகிறது. அதன்பின் மாஸ்டரில் அவள் ஜன்னலை அடைந்து திரும்புவதை ஒரு நொடி காட்டிவிட்டு 4-க்கு வெட்டினால் யாருக்கும் இடம் குழம்பாது. அதனால் 3ஏ-வை "பாக்கி" என்ற சொல்லோடு கட் செய்யக் கூடாது. மாலதி உண்மையிலேயே எழுந்து ஜன்னல்வரை நடந்து, கதிரின் தலை நின்ற பிறகு மூன்று நொடி ஓட விட வேண்டும். லென்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அங்கிருந்து எழுந்தால் ட்ரைபாடில் இடிப்பாள் என்பதால், இந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் அவளைத் திரும்பத் தன் நாற்காலிக்கு அனுப்பி, கேமராவைப் பழைய 35 செ.மீ. குறிக்கு நகர்த்தித் தனி டேக் எடுக்கிறோம்.

குறிப்புத்தாளும் வரிசையும்

ஸ்கிரிப்ட் தாளில் ஒவ்வொரு செட்டப்புக்கும் ஒரு நெடுங்கோடு. 1 முழுக் காட்சிக்கும். 2, 2ஏ, 3, 3ஏ முதல் வசனத்திலிருந்து அவள் எழுந்து போகும்வரை. 4, 5 இரண்டும் பன்னிரண்டாவது வசனத்திலிருந்தே தொடங்கும், மாலதி நின்றுகொண்டு பேசினாலும் பரவாயில்லை. அந்த இரண்டு வசனம் எடிட்டுக்கு இல்லை, நடிகர் சரியான வேகத்தில் பதினான்காவது வசனத்துக்குள் வந்துசேர்வதற்கு. குறிப்புத்தாளில் ஒரு வரி இப்படி இருக்கிறது:

4 / மாலதி / 75 / உயரம் 118 / தூரம் 270 / லெஃப்ட் லுக், 10 டிகிரி, சற்றே கீழே / கதிர் தன் நாற்காலியில், கண் 118 / வசனம் 12–22 / பத்திரம் மேசையில் கதிர் பக்கம்

படமெடுக்கும் வரிசை 1, 2, 2ஏ, 4, பிறகு 3, 3ஏ, 5. ஜன்னல் வெளிச்சம் மாறும் என்பதால் ஜன்னல் தெரியும் ஷாட்டெல்லாம் முதலில். செட்டப் 5 கதவுச் சுவரைப் பார்க்கிறது, அதுவரை லைட்டும் பெட்டியும் ஆட்களும் இருந்த பக்கம் அது. அதைக் காலிசெய்யவே அரை மணி நேரம் பிடிக்கும், அதனால் கடைசி.

சோதனைப் படங்களில் தெரிந்தது

படப்பிடிப்புக்கு முதல்நாள் ஒத்திகையில் ஒவ்வொரு லென்ஸ் குறியிலிருந்தும் அதே உயரத்தில் ஃபோனால் ஒரு படம் எடுத்து, கேலரியில் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்ப்பது வேறெந்தக் கணக்கையும்விட நம்பகமானது. பார்க்க வேண்டியது மூக்கு மட்டும். 2, 3 ஒன்றை ஒன்று பார்க்கிறதா, 4, 5 ஒன்றை ஒன்று பார்க்கிறதா, 3ஏ-இல் கதிர் தலை திரும்பி நின்ற பக்கமும் 5-இல் அவன் பார்க்கும் பக்கமும் ஒன்றா. ஒரு நிமிட வேலை.

மூன்றும் சரியாக வந்தன. தவறு வேறிடத்தில் இருந்தது. பதினெட்டாவது வசனத்துக்குமுன் கதிர் பத்திரத்தைக் குனிந்து பார்க்கிறான். செட்டப் 5-இல் எடுத்த படத்தில் அவன் பார்வை இடப்பக்கம் கீழே போயிருந்தது. பத்திரம் மேசை நடுவில் கிடக்கிறது. ஜன்னலருகே நிற்கும் கேமராவுக்கு, மாலதி லென்ஸின் வலப்பக்கம், பத்திரம் இடப்பக்கம். தங்கையிடமிருந்து பத்திரத்துக்குப் பார்வை இறங்கும்போது லென்ஸைக் கடந்து மறுபுறம் போகிறது. ஷாட்டுக்குள்ளேயே அந்தப் பார்வை நகர்வது தெரிந்தால் குழப்பமில்லை. ஆனால் அவன் ஏற்கெனவே குனிந்திருக்கும் இடத்தில் எடிட்டர் வெட்டி வந்தால், ரைட் லுக் கதிர் திடீரென்று லெஃப்ட் லுக் கதிராகிவிடுவான். மாலதி இடம் மாறிவிட்டாளா என்று தோன்றும்.

பொருளுக்கும் லைன் உண்டு என்பதை ஆள்களுக்கு மட்டும் கோடு போடும் தரைப்படம் காட்டாது. கதிரின் தலையிலிருந்து பத்திரத்துக்கும் ஒரு கோடு போட்டபிறகு தீர்வு தாளிலேயே கிடைத்தது. பத்திரத்தைக் கதிரை நோக்கி 45 செ.மீ., ஜன்னல் பக்கம் 25 செ.மீ. நகர்த்தினால் கதிர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க அது செட்டப் 5-இன் லென்ஸுக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. அப்போது கதிரின் பார்வை லெஃப்டும் இல்லை ரைட்டும் இல்லை, நேராகக் கீழே. அதை யார் நகர்த்துவது? மாலதிதான். எழும்போது பத்திரத்தை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறாள். கேமராவுக்காக வந்த செய்கை, ஆனால் அவள் கோபத்துக்கு வசனத்தைவிடப் பொருத்தமாக அமைந்துவிட்டது. இனி அது எல்லா செட்டப்பிலும் நடந்தாக வேண்டும், மாஸ்டரின் முதல் டேக்கிலிருந்தே. தாள் நின்ற மூலைகளுக்கு மேசைமேல் பென்சில் புள்ளி. எந்த வசனத்தின் எந்தச் சொல்லில் தள்ளுகிறாள் என்பது கன்டினியூட்டி தாளில்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்பாட்டில் லுக் தவறி, அது எடிட்டில்தான் தெரிகிறது என்றால், முதலில் எல்லோரும் கேட்பது படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடலாமா என்பதைத்தான். இந்தக் காட்சியில் முடியாது. கதிரின் சட்டைப்பை இடப்பக்கம் இருக்கிறது, மாலதிக்கு ஒரு பக்க வகிடு. இரண்டும் அடுத்த ஷாட்டில் காட்டிக்கொடுத்துவிடும், பத்திரத்தின் எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடுவில் ஒரு நடுநிலை ஷாட் வைத்து லைனை மாற்றிக்கொள்வதுதான் ஓரளவு பலிக்கும். அதற்காக இரண்டு உதிரி ஷாட் திட்டத்தில் இருக்கிறது. ஒன்று பத்திரத்தின்மேல் கதிரின் விரல், நேர் டாப் ஆங்கிளில். இன்னொன்று புதிய லைனின் மேலேயே கேமராவை வைத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாலதியின் முதுகு. அதில் லுக்கே இல்லை, அதனால் எந்தப் பக்கமிருந்தும் உள்ளே வரலாம், எந்தப் பக்கமும் வெளியே போகலாம். செட்டப் 4 முடிந்ததும் கேமராவை நூலின் மேல் கொண்டுவந்து, கதிரை எழுப்பிவிட்டு, அதே 75-இல் எடுத்துவிடலாம். லைட் மாற்ற வேண்டியதில்லை.